அடிப்படை மைனஸில் இருந்தால் வளர்ச்சியை எப்படிச் சொல்வது?

கேள்வி: ஒரு நிறுவனத்தின் நிதிப் பிரிவில் வேலை செய்கிறேன். நான்கு பிரிவுகளின் லாபத்தைப் போன வருடத்தோடு ஒப்பிட்டு அறிக்கை தயாரிக்க வேண்டும். தொகை எல்லாம் லட்சத்தில். முதல் பிரிவு 900லிருந்து 950. இரண்டாவது 120லிருந்து 90. மூன்றாவது 40 நஷ்டத்திலிருந்து 60 லாபத்துக்கு வந்துவிட்டது. நான்காவது 2லிருந்து 14. மூன்றாவதன் விற்பனை 800லிருந்து 850 ஆனது. நான்காவதன் விற்பனை 300லிருந்து 312. முதல் இரண்டிலும் லாபம் விற்பனையில் பத்து சதவீதத்துக்கு மேல். மூன்றாம் பிரிவுக்கு எக்செல் −250% என்று காட்டுகிறது. கூட வேலை செய்பவர், கீழே வகுக்கும் எண்ணின் குறியை நீக்க ABS போடச் சொன்னார். போட்டால் +250% வருகிறது. மேலாளரோ நான்காம் பிரிவின் 600% வளர்ச்சியைத் தலைப்பிலேயே போடு என்கிறார். எதை எடுத்துக்கொள்வது?

பதில்: மூன்றாம் பிரிவுக்கு இரண்டு சதவீதமும் வேண்டாம். தொகையைச் சொல்லுங்கள்: நஷ்டத்திலிருந்து லாபம், 100 லட்சம் முன்னேற்றம். நான்காம் பிரிவின் 600% கணக்கில் சரிதான், ஆனால் தலைப்புக்கு உரியதல்ல. இதற்கான காரணங்கள் உங்கள் கையில் இருந்தால்தான் மேலாளரிடம் பேச முடியும், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சதவீத மாற்றம் என்பது புதிய எண்ணை, அடிப்படையான பழைய எண்ணால் வகுத்து ஒன்றைக் கழிப்பது. அதாவது அது கேட்கும் கேள்வி, ‘புதியது பழையதைப் போல் எத்தனை மடங்கு?’ என்பது. முதல் பிரிவில் 950 என்பது 900ஐப் போல் 1.056 மடங்கு, ஒன்றைக் கழித்தால் 5.6%. இதற்கு அர்த்தம் இருக்கிறது. மூன்றாம் பிரிவில் 60 என்பது −40ஐப் போல் −1.5 மடங்கு, ஒன்றைக் கழித்தால் −2.5, அதுதான் உங்கள் −250%. எக்செல் தப்புச் செய்யவில்லை. 60 லட்சம் லாபம் 40 லட்சம் நஷ்டத்தைப் போல் எத்தனை மடங்கு என்ற கேள்விக்கே பொருள் இல்லை. பொருளில்லாத கேள்விக்கு வந்த விடையை எந்தக் குறியை மாற்றியும் சரிசெய்ய முடியாது.

உங்கள் மூன்றாம் பிரிவாவது பார்த்தவுடன் உறுத்துகிறது. லாபம் வந்த இடத்தில் மைனஸ் நிற்கிறதே என்று நிமிர்ந்து பார்த்தீர்கள். இரண்டு வருடமும் நஷ்டமாக இருக்கும்போது அப்படி எதுவும் உறுத்தாது. நஷ்டம் 100லிருந்து 200 ஆனால் சூத்திரம் +100% தரும். பச்சை அம்புக்குறியோடு ‘வளர்ச்சி’ என்று பட்டியலில் மேலே ஏறிவிடும். நஷ்டம் 200லிருந்து 100 ஆகக் குறைந்தால் −50% என்று சிவப்பில் வரும். கூட்டு வளர்ச்சி விகிதத்திலும் இதே கதை: இரண்டு ஆண்டில் நஷ்டம் 50லிருந்து 200 ஆனால், −200ஐ −50ஆல் வகுக்க 4, அதன் வர்க்கமூலம் 2, ஆக ஆண்டுக்கு 100% வளர்ச்சி. பிழைச் செய்தி எதுவும் வராது. நஷ்டம் நான்கு மடங்கான ஒரு பிரிவு, அட்டவணையில் வேகமாக வளரும் பிரிவாக உட்கார்ந்திருக்கும். பழைய அறிக்கைகளைத் திரும்பப் பார்க்க நேரம் கிடைத்தால் முதலில் இந்த வகை வரிகளைத் தேடுங்கள்.

இது லாபத்துக்கு மட்டும் வரும் பிரச்சினை அல்ல. ஐரோப்பிய மத்திய வங்கி தன்னிடம் வங்கிகள் வைக்கும் வைப்புக்கான வட்டியை 2019 செப்டம்பர் முதல் −0.50% ஆக வைத்திருந்தது. 2022 ஜூலையில் அதை 0.00% ஆக உயர்த்தியது. சதவீத மாற்றச் சூத்திரத்தில் போட்டால் −100% வருகிறது. வட்டி உயர்வு, வட்டி முழுவதும் மறைந்துபோனதைப் போல் தெரிகிறது. ABS போட்டால் +100%; படிப்பவர் வட்டி இரட்டிப்பானது என்று எடுத்துக்கொள்வார். சுழியம் எதனுடைய இரட்டிப்பு? அதே 2022 செப்டம்பரில் வட்டி 0.75% ஆனது. அடிப்படை சுழியம் என்பதால் இப்போது `#DIV/0!`. மூன்று விடைகளில் ஒன்றுகூட நடந்ததைச் சொல்லவில்லை. நடந்தது இதுதான்: முதலில் 0.50 சதவீதப் புள்ளி உயர்வு, பிறகு 0.75 சதவீதப் புள்ளி உயர்வு. வட்டி, பணவீக்கம், லாப விகிதம் என்று ஏற்கெனவே சதவீதத்தில் இருக்கும் எதற்கும் கழித்துப் புள்ளியில் சொல்வதே வழி. அடிப்படை பிளஸில் இருந்தாலும் அதுவே நல்லது.

இனி ABS விஷயம். வகுக்கும் எண்ணின் குறியை நீக்கினால் மாற்றத்தின் திசை சரியாகிவிடும் என்பது உண்மை. முன்னேற்றம் பிளஸில் வரும், சரிவு மைனஸில் வரும். அதனால்தான் இது இவ்வளவு பரவியிருக்கிறது. ஆனால் திசை சரியானதும் அளவும் சரி என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது, அளவு சரியாவதில்லை. மூன்று பிரிவுகள் இந்த வருடம் 60 லட்சம் லாபத்தில் முடிக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று போன வருடம் 1 லட்சம் நஷ்டம், இன்னொன்று 40 லட்சம் நஷ்டம், மூன்றாவது 400 லட்சம் நஷ்டம். ABS போட்டுக் கணக்கிட்டால் முதலாவதற்கு 6,100%, இரண்டாவதற்கு 250%, மூன்றாவதற்கு 115%. உண்மையில் முன்னேறிய தொகை 61, 100, 460. மிகப்பெரிய பள்ளத்திலிருந்து ஏறிவந்தது பட்டியலின் அடியிலும், ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றது உச்சியிலும் வருகிறது. வரிசையே தலைகீழ். நஷ்டம் ஆழமாக ஆக வகுக்கும் எண் பெரிதாகிறது, விடை சுருங்குகிறது, அவ்வளவுதான் காரணம். சதவீதத்தை வைத்து ஊக்கத்தொகையோ நிதி ஒதுக்கீடோ முடிவாகும் இடத்தில் இது எவ்வளவு அநியாயம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ABS இன்னொன்றையும் உடைக்கிறது. அது அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. 2020 ஏப்ரல் 17 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத ஒப்பந்தம் பீப்பாய்க்கு 18.27 டாலரில் முடிந்தது. அடுத்த வர்த்தக நாளான ஏப்ரல் 20 அன்று −37.63 டாலர். 21ஆம் தேதி 10.01 டாலர். முதல் நாள் மாற்றம் −306%; அடிப்படை பிளஸில் இருப்பதால் இது ஏற்கத்தக்க எண், நூறு சதவீதத்துக்கு மேல் சரிந்தது என்றால் சுழியத்தைத் தாண்டிக் கீழே போய்விட்டது என்று பொருள். இரண்டாம் நாள் விலை 47.64 டாலர் ஏறியது. சூத்திரம் தருவது −127%. ABS போட்டால் +127%. பார்க்க நன்றாக இருக்கிறது. இப்போது வழக்கம்போல் இரண்டு நாள் மாற்றத்தோடும் ஒன்றைக் கூட்டி, இரண்டையும் பெருக்கி, ஒன்றைக் கழித்துப் பாருங்கள். ABS இல்லாத எண்களைப் பெருக்கினால் −45% வரும்; 18.27லிருந்து 10.01க்கு வந்ததற்கு அதுதான் சரியான விடை, ஏனென்றால் இரண்டு மைனஸ் குறிகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. ABS போட்ட எண்ணோடு பெருக்கினால் −567%. ஆக ABS போட்ட சதவீதத்தை அந்த ஒரு கட்டத்தைத் தாண்டி வேறெந்தக் கணக்குக்கும் எடுத்துச் செல்ல முடியாது. போட்டவருக்கு அது தெரிந்திருக்கலாம். ஆறு மாதம் கழித்து அந்தப் பத்தியை எடுத்து ஆண்டு வளர்ச்சி கணக்கிடுபவருக்குத் தெரியாது.

சிலர் பழையதற்கும் புதியதற்கும் நடுவிலுள்ள சராசரியால் வகுக்கச் சொல்வார்கள். இரண்டு எண்ணும் பிளஸில் இருக்கும்போது அது நல்ல முறைதான். ஏற்றத்தையும் இறக்கத்தையும் சமமாக நடத்தும், சிறிய அடிப்படையில் வெடிக்காது, 200%க்கு மேல் போகாது. ஆனால் குறி நீக்கிய மதிப்புகளின் சராசரியால் வகுத்து, நஷ்டத்திலிருந்து லாபத்துக்கு மாறிய பிரிவுக்குப் போட்டால், எந்த எண்ணைக் கொடுத்தாலும் விடை 200% மட்டுமே. மேலே சொன்ன 1, 40, 400 மூன்றுக்கும் 200%தான். குறி மாறும்போது மாற்றத்தின் அளவும் இரண்டு மதிப்புகளின் கூட்டலும் ஒன்றாகிவிடுவதால் இது தப்பவே தப்பாது. குறி மாறியது என்ற செய்தியைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை.

இனி உங்கள் நான்காம் பிரிவு. அடிப்படை பிளஸில் இருக்கிறது, சூத்திரம் ஒழுங்காக வேலை செய்கிறது, 600% வருகிறது. இதில் என்ன குறை என்று மேலாளர் கேட்டால், அந்த 2 லட்சம் எப்படி வந்தது என்று காட்டுங்கள். லாபம் என்பது இரண்டு பெரிய எண்களைக் கழித்து எஞ்சுவது. போன வருடம் 300 விற்பனை, 298 செலவு, மிச்சம் 2. இந்த வருடம் 312 விற்பனை, அதே 298 செலவு, மிச்சம் 14. விற்பனை கூடியது 4%. அந்த நான்கு சதவீதம்தான் லாபத்தில் 600% ஆகத் தெரிகிறது.

அந்த 298இல் ஒரு சதவீதம் முன்னே பின்னே இருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒரு செலவுச் சீட்டு அடுத்த நிதியாண்டில் பதிவாகியிருக்கலாம், தேய்மானத்தைக் கொஞ்சம் வேறு விதமாகக் கணக்கிட்டிருக்கலாம், இருப்பு மதிப்பில் சின்ன வித்தியாசம் இருக்கலாம். 3 லட்சம் என்பது 298இல் ஒரு சதவீதம்தான். செலவு 295 என்றால் போன வருட லாபம் 5, வளர்ச்சி 180%. செலவு 301 என்றால் 1 லட்சம் நஷ்டம், சூத்திரம் தருவது −1,500%. கணக்கில் யாரும் கவனிக்காத ஒரு சதவீத வித்தியாசம், தலைப்பில் போகவேண்டிய எண்ணை 180லிருந்து 600க்கும் அங்கிருந்து மைனஸ் ஆயிரத்து ஐநூறுக்கும் தூக்கிப் போடுகிறது. இந்த வருடத்தின் 14 மாறவே இல்லை. மாறியதெல்லாம் போன வருட எண்.

அடிப்படை சுழியத்தை நெருங்கினால் இது எவ்வளவு கடுமையாகும் என்பதற்கு அதே 14ஐ வைத்துக்கொண்டு அடிப்படையை மட்டும் குறைத்துப் பாருங்கள். 2 என்றால் 600%. 1 என்றால் 1,300%. 0.1 என்றால் 13,900%. சுழியத்தைத் தாண்டி −0.1 என்றால் −14,100%. அடிப்படை 0.2 லட்சம் நகர்ந்ததும் விடை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் குதிக்கிறது. எனவே பெரிய சதவீதத்தைப் பார்த்தால் முதலில் அது எதைப் பற்றிய செய்தி என்று கேட்க வேண்டும்: இந்த வருடம் ஏதோ பெரிதாக நடந்ததா, அல்லது போன வருட எண் தற்செயலாகச் சுழியத்துக்குப் பக்கத்தில் விழுந்ததா? நான்காம் பிரிவில் இரண்டாவதுதான் பெரும்பங்கு.

பதிப்பிக்கும்போது சுருக்கிய எண்களிலும் இதே வலை உண்டு. அறிக்கையில் 0.2லிருந்து 0.5 என்று இருந்தால் 150% என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் 0.2 என்று அச்சானது 0.15லிருந்து 0.25 வரை எதுவாகவும் இருந்திருக்கலாம், 0.5 என்பது 0.45லிருந்து 0.55 வரை. ஆக உண்மை வளர்ச்சி 80%க்கும் 267%க்கும் இடையில் எங்கோ இருக்கிறது. மூல எண் கிடைக்காவிட்டால் சதவீதம் போடாமலிருப்பதே நேர்மை.

எந்த அளவுக்குக் கீழே அடிப்படையைச் சிறியது என்று ஒதுக்குவது என்ற கேள்விக்கு ஊருக்கெல்லாம் பொதுவான விடை இல்லை. லாபத்தைப் பொறுத்தவரை நான் விற்பனையோடு ஒப்பிட்டே முடிவு செய்வேன், ஏனென்றால் பிழை எங்கிருந்து வருகிறதோ அந்த அளவோடு ஒப்பிட வேண்டும். செலவில் ஒரு சதவீதப் பிழை இருந்தால் லாபம் எவ்வளவு ஆடும் என்று போட்டுப் பாருங்கள். லாபம் விற்பனையில் 2% என்றால், செலவு 98. அதில் ஒரு சதவீதம் 0.98, லாபம் 49% ஆடிவிடும். லாபம் 5% என்றால் 19% ஆடும். 10% என்றால் 9%. 20% என்றால் 4%. உங்கள் கணக்குகள் எவ்வளவு துல்லியம் என்று உங்களுக்குத்தான் தெரியும். நல்ல தணிக்கைக்கு உட்பட்ட கணக்கு என்றால் 5% வரம்பு போதும் என்பது என் எண்ணம். வரம்பு எதுவானாலும் அதை இந்த வருட எண்களைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்து, அட்டவணைக்கு அடியில் எழுதிவிடுங்கள். பார்த்த பிறகு முடிவு செய்தால் பிடித்த பிரிவு உள்ளேயும் பிடிக்காதது வெளியேயும் போகும்.

எக்செல்லில் B பத்தியில் போன வருட லாபம், C பத்தியில் இந்த வருட லாபம், D பத்தியில் போன வருட விற்பனை என்றால் சூத்திரம் இதுதான்:

```
=IF(B2<0.05*D2,"NM",(C2-B2)/B2)
```

NM என்பது நிதி அறிக்கைகளில் ‘பொருளற்றது’ என்பதற்கு வழக்கமாகப் போடும் குறி. வரம்பு பிளஸ் எண் என்பதால் மைனஸ், சுழியம், மிகச் சிறியது மூன்றும் ஒரே நிபந்தனையில் மாட்டிக்கொள்ளும். `IFERROR` போட்டு மூடுவது இதற்கு மாற்றாகாது. அது சுழியத்தை மட்டும்தான் பிடிக்கும். −250% ஒரு பிழையே இல்லை என்பதால் சத்தமில்லாமல் கடந்துபோகும். அதைவிட மோசம், `IFERROR` தரும் 0 என்பதை ‘மாற்றமில்லை’ என்று படிப்பார்கள். பைத்தானில் `pct_change()` பயன்படுத்துபவர்களுக்கும் இதே எச்சரிக்கை: மைனஸ் அடிப்படைக்கு −2.5 என்று தந்துவிட்டுப் பேசாமல் இருக்கும், சுழியத்துக்கு `inf` தரும். அங்கே இப்படிச் செய்யலாம்:

```python
g = (new - old) / old
g = g.where(old >= 0.05 * old_sales)
```

NM போட்டதும் வேலை முடிந்துவிடாது. அந்தப் பத்தியை வைத்து அடுத்து யாராவது ஏதாவது செய்வார்கள். பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தினால் எக்செல் எழுத்துகளை எண்களுக்கு மேலே வைக்கும், NM பிரிவுகள் முதலிடத்தில் நிற்கும். வரைபடத்தில் போட்டால் NM சுழியமாக வரையப்படும். எல்லாவற்றையும்விட ஆபத்தானது சராசரி. உங்கள் அட்டவணையையே எடுத்துக்கொள்ளுங்கள். NM இல்லாமல் நான்கு பிரிவுகளின் சதவீதங்களைச் சராசரி எடுத்தால் 5.6, −25, −250, 600 என்று சேர்ந்து 83% வருகிறது. ABS போட்டால் 208%. NM போட்டால் `AVERAGE` அந்த இரண்டையும் ஓசைப்படாமல் விட்டுவிட்டு மிச்சமிருக்கும் இரண்டை வைத்து −9.7% என்கிறது. உண்மையில் மொத்த லாபம் 982லிருந்து 1,114 ஆகியிருக்கிறது, 13.4% உயர்வு. மூன்று சராசரியும் மூன்று விதமாகத் தப்பு, கடைசியது குறியிலேயே தப்பு. சதவீதங்களைச் சராசரி எடுக்கவே கூடாது. தொகைகளைக் கூட்டிவிட்டுப் பிறகு வகுக்க வேண்டும்.

அப்படியானால் NM இருக்கும் கட்டத்தில் படிப்பவர் எதைப் பார்ப்பார்? இரண்டு பத்திகளை அருகில் சேர்க்கச் சொல்வேன். வகுக்கும் எண் சரியில்லை என்றால் வேறு நல்ல எண்ணால் வகுப்பதுதான் தீர்வு. கெட்ட எண்ணைத் திருத்தி வகுப்பது அல்ல.

முதல் பத்தி, மொத்த வளர்ச்சியில் அந்தப் பிரிவின் பங்களிப்பு. ஒவ்வொரு பிரிவின் மாற்றத்தையும் அந்தப் பிரிவின் அடிப்படையால் அல்லாமல், மொத்த நிறுவனத்தின் போன வருட லாபமான 982ஆல் வகுங்கள். முதல் பிரிவின் 50 லட்சம் 5.1 புள்ளி. இரண்டாவதன் 30 லட்சச் சரிவு −3.1 புள்ளி. மூன்றாவதன் 100 லட்சம் 10.2 புள்ளி. நான்காவதன் 12 லட்சம் 1.2 புள்ளி. கூட்டினால் 13.4, அதுதான் மொத்த வளர்ச்சி. பிரிவு நஷ்டத்தில் இருந்தாலும், சுழியத்தில் இருந்தாலும், போன வருடம் இல்லவே இல்லாத புதிய பிரிவானாலும் இது உடையாது. 600% என்று கொண்டாட இருந்த பிரிவு மொத்த வளர்ச்சிக்கு ஒரு புள்ளிக்குச் சற்று மேல்தான் தந்திருக்கிறது என்பதும், −250% என்று தெரிந்த பிரிவுதான் வளர்ச்சியின் பெரும்பகுதியைத் தாங்கியது என்பதும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

இங்கே ஒரு எல்லை உண்டு. மொத்தமே சுழியத்துக்குப் பக்கத்தில் இருந்தால் இந்த முறையும் விழுந்துவிடும். மூன்றாம் பிரிவு போன வருடம் 40க்குப் பதில் 1,000 லட்சம் நஷ்டப்பட்டிருந்தால் மொத்தம் 22தான்; 1,114ஐ அதோடு ஒப்பிட்டால் 4,964% என்று பழைய வியாதி திரும்பிவிடும். அதேபோல, ‘கூடிய 132 லட்சத்தில் இத்தனை சதவீதம் இந்தப் பிரிவிலிருந்து’ என்று எழுதுவதையும் தவிர்க்கப் பாருங்கள். ஏறியதும் இறங்கியதும் கலந்த நிகரத் தொகை அது; ஏற்றமும் இறக்கமும் கிட்டத்தட்டச் சமமாகும் வருடத்தில் அந்தப் பங்குகள் 400%, −300% என்று போய்விடும்.

இரண்டாவது பத்தி, விற்பனையில் லாபத்தின் விகிதம். விற்பனை மைனஸில் போகாது, சுழியத்தை ஒட்டியும் சாதாரணமாக நிற்காது, அதனால் நம்பி வகுக்கலாம். மூன்றாம் பிரிவு −5.0%லிருந்து 7.1% வந்திருக்கிறது, 12.1 சதவீதப் புள்ளி முன்னேற்றம். நான்காம் பிரிவு 0.7%லிருந்து 4.5%, 3.8 புள்ளி. நான்காம் பிரிவின் முன்னேற்றம் பொய்யல்ல என்பதும் இதில் தெரிகிறது, செலவைக் கூட்டாமல் விற்பனையைக் கூட்டியிருக்கிறார்கள். அது சொல்லப்பட வேண்டியதுதான். 600 என்று சொல்லாமல் 3.8 புள்ளி என்று சொன்னால் அதன் உண்மையான அளவில் நிற்கும்.

வார்த்தையிலும் கவனம் வேண்டும். இரண்டு வருடமும் நஷ்டம் என்றால் ‘லாப வளர்ச்சி’ என்ற தலைப்பின் கீழ் எந்த எண்ணும் வரக்கூடாது. ‘நஷ்டம் 200லிருந்து 100 ஆகக் குறைந்தது’ என்று எழுதுங்கள், விரும்பினால் ‘நஷ்டம் பாதியானது’ என்று சேர்க்கலாம், ஏனென்றால் அங்கே நஷ்டத்தின் அளவே அடிப்படையாகிவிடுகிறது. லாபத்திலிருந்து நஷ்டத்துக்குப் போனால் சதவீதம் கணக்கில் சரியாகவே வரும். இருந்தாலும் −180% என்பதைவிட ‘50 லட்சம் லாபம், 40 லட்சம் நஷ்டமாக மாறியது’ என்பது படிப்பவர் மனதில் உடனே நிற்கும். உங்கள் அறிக்கையின் தலைப்புக்கு நான் தரும் வாக்கியம் இது: ‘மொத்த லாபம் 13.4% உயர்ந்து 1,114 லட்சம். 40 லட்சம் நஷ்டத்தில் இருந்த மூன்றாம் பிரிவு 60 லட்சம் லாபத்துக்குத் திரும்பியது.’

அதை அனுப்பும் முன் மூன்றாம் பிரிவின் −40க்குள் என்ன இருந்தது என்று ஒருமுறை விசாரித்துவிடுங்கள். போன வருடம் 70 லட்சம் ஒருமுறைச் செலவு ஏதாவது பதிவாகியிருந்தால், அதை நீக்கிய லாபம் 30. அப்போது 30லிருந்து 60 என்பது சாதாரணத் தொடர்ந்த வளர்ச்சி, ‘நஷ்டத்திலிருந்து மீண்டது’ என்ற கதையே வேறாகிவிடும். அப்படி இருந்தால் பதிவான எண்ணையும் திருத்திய எண்ணையும் சேர்த்தே காட்டுங்கள். திருத்தியது 30 என்றால் 800 விற்பனையில் 3.8%தான், வரம்புக்குக் கீழே. ஆகவே 100% வளர்ச்சி என்று எழுதாமல், 30 லட்சம் கூடியது என்றே எழுதுங்கள்.

அடுத்த வருடம் இதே சூத்திரத்தில் மூன்றாம் பிரிவின் அடிப்படை 60 ஆகிவிடும்; 850 விற்பனையில் அது 7.1%, வரம்பைத் தாண்டுவதால் சதவீதம் தானாக வந்துவிடும். நான்காம் பிரிவின் 14 லட்சம் 312இல் 4.5% என்பதால் இன்னும் NM ஆகவே நிற்கும். வரம்பை நாலாக்கினால் என்ன என்று அப்போது யாராவது கேட்பார்கள். மாற்ற நியாயமான காரணம் இருந்தால் மாற்றலாம், ஆனால் முந்தைய வருடங்களின் அட்டவணைகளையும் அதே வரம்பில் மறுபடி போட்டு, மாற்றியதை அடிக்குறிப்பில் சொல்லிவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.